ஆறு பேரும் பதினாறு பேரும்: எந்தச் சோதனையை நம்புவது?

கேள்வி

மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 8 இற்குக் கணிதம் படிப்பிக்கிறேன். முதுமாணிப் படிப்புக்காக ஒரு செயல்நிலை ஆய்வு செய்து முடித்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பின்னங்களில்தான் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். அதனால் பாடசாலை விட்ட பிறகு சிறு குழுவாக இருத்தி, காகிதம் மடித்தும் கீற்றுகள் வெட்டியும் ஒரு தவணை முழுக்கப் பின்னம் படிப்பித்தேன். வகுப்பில் 22 பேர். பின்னேரம் நிற்க முடிந்தவர்கள் ஆறு பேர் மட்டும். மற்றப் பதினாறு பேரும் வழமையான பாடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தவணை முடிவில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், மொத்தம் 50 புள்ளிகள்.

குழுவில் இருந்த ஆறு பேரின் புள்ளிகள்: 12, 19, 31, 38, 44, 48.

மற்றப் பதினாறு பேர்: 14, 16, 17, 18, 20, 21, 21, 22, 23, 23, 24, 25, 26, 27, 27, 28.

எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் ரி-சோதனை செய்து பார்த்தேன். பி பெறுமதி 0.016 என்று வந்தது. சந்தோஷமாக மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். "முப்பதுக்குக் குறைந்த மாதிரிக்கு ரி-சோதனை செய்யக்கூடாது, அதுவும் ஆறுக்கும் பதினாறுக்கும் செய்யவே கூடாது, மான்–விட்னி செய்யுங்கள்" என்றார். செய்தேன். 0.14 என்று வந்தது. ஒரே பிள்ளைகள், ஒரே புள்ளிகள். ஒரு சோதனை பலன் இருக்கிறது என்கிறது, மற்றது இல்லை என்கிறது. எதை எழுதுவது? மாதிரி சிறியதாகவும் சமனில்லாமலும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மான்–விட்னிக்குப் போவதுதான் சரியா?

— ஆசிரியை ஒருவர், மல்லாவி

பதில்

அன்பின் ஆசிரியைக்கு,

புள்ளிகளை முழுதாக எழுதி அனுப்பியது நல்ல காரியம். பலர் இடையையும் பி பெறுமதியையும் மட்டும் அனுப்பிவிட்டு விளக்கம் கேட்பார்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த 22 எண்களுக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் உங்கள் கணினித் திரைக்குத் திரும்பிப் போங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். ரி-சோதனையின் விடை அட்டவணையில் இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் `Equal variances assumed` என்றும் கீழ் வரியில் `Equal variances not assumed` என்றும் இருக்கும். 0.016 என்பதை நீங்கள் மேல் வரியில் இருந்து எடுத்திருக்கிறீர்கள். கீழ் வரியைப் பாருங்கள். அங்கே 0.15 அளவில் ஒரு எண் இருக்கும். ஆகவே ரி-சோதனை ஒரு பக்கமும் மான்–விட்னி மறுபக்கமுமாக நின்று சண்டை பிடிக்கவில்லை. சண்டை இரண்டு ரி-சோதனைகளுக்கு இடையில். அந்தக் கீழ் வரிக்கும் மான்–விட்னிக்கும் இந்தத் தரவில் கருத்து வேறுபாடே இல்லை.

இனி மேற்பார்வையாளர் சொன்ன முப்பது. இது எங்கள் கல்வியியல் பீடங்களில் மட்டுமல்ல, பல நாடுகளின் பாடக்குறிப்புகளிலும் ஊறிப்போன ஒரு விதி. ஆனால் ரி-சோதனை பிறந்ததே சிறிய மாதிரிக்காகத்தான். டப்ளினில் உள்ள கின்னஸ் மதுவடிசாலையில் வேலை செய்த வில்லியம் சீலி கொசெட் என்பவருக்குக் கையில் கிடைத்தவை பெரும்பாலும் நாலைந்து அளவீடுகள்தான். பெரிய மாதிரிக்குரிய பழைய முறையை நாலைந்து எண்களில் பிரயோகித்தால் பிழையான நம்பிக்கை வருவதைக் கண்டு, அதைத் திருத்துவதற்காக 1908 இல் 'ஸ்ருடன்ற்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரையை எழுதினார். தான் கண்ட சூத்திரம் சரிதானா என்று பார்க்க, 3000 குற்றவாளிகளின் உயர அளவுகளை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாக 750 குழுக்களாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தார். கவனியுங்கள், நாலு நாலாக. மாதிரி சிறியது என்பதற்காக ரி-சோதனையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

சிறிய மாதிரியில் ரி-சோதனை நம்பியிருப்பது வேறு இரண்டு விடயங்களை. ஒன்று, புள்ளிகள் பெருமளவு ஒரு பக்கம் இழுபட்டுப் போகாமல் இருக்க வேண்டும். மற்றது, நீங்கள் மேல் வரியைப் பயன்படுத்துவதானால், இரு குழுக்களின் பரம்பலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். உங்கள் தரவில் உடைந்து போயிருப்பது இந்த இரண்டாவது.

கணக்கைக் கையாலேயே செய்து பார்ப்போம். குழுவின் இடை 32, மற்றவர்களின் இடை 22. வித்தியாசம் 10 புள்ளிகள். சிறியதல்ல. இப்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் குழுவின் இடையில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, வர்க்கித்துக் கூட்டுங்கள். ஆறு பேருக்கு 1006 வரும். பதினாறு பேருக்கு 264 மட்டுமே வரும். ஆறு பேரின் மாறற்றிறன் 1006 ஐ 5 ஆல் வகுக்க 201. பதினாறு பேரின் மாறற்றிறன் 264 ஐ 15 ஆல் வகுக்க 17.6. நியம விலகலாகச் சொன்னால் ஒரு பக்கம் 14 புள்ளிகள், மறுபக்கம் 4 புள்ளிகள்.

மேல் வரிச் சோதனை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிறது. 1006 உம் 264 உம் சேர்ந்து 1270. அதை 20 ஆல் வகுத்தால் 63.5. இந்த 63.5 தான் இரு குழுக்களுக்கும் பொதுவான மாறற்றிறன் என்று எடுத்துக்கொண்டு மிகுதிக் கணக்கைச் செய்கிறது. பதினாறு பேருக்கு அது மிகை. ஆறு பேருக்கோ உண்மையில் 201 இருக்கும் இடத்தில் 63.5 என்று சொல்வது பெரிய குறைமதிப்பு. பிள்ளைகள் கூட இருக்கும் பக்கம் அமைதியான பக்கமாக இருந்ததால், அந்த அமைதியைச் சிறிய குழுவுக்கும் கடன் கொடுத்துவிட்டது. விளைவாக வித்தியாசத்தின் நியம வழு 3.8 என்று வருகிறது. 10 ஐ 3.8 ஆல் வகுக்க ரி பெறுமதி 2.62. அதுதான் உங்கள் 0.016.

கீழ் வரி கலக்குவதில்லை. 1947 இல் வெல்ச் என்பவர் வெளியிட்ட முறை அது. ஒவ்வொரு குழுவின் மாறற்றிறனையும் அந்தக் குழுவின் தொகையால் வகுத்து, பிறகு கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறது. ஆறு பேரின் பங்கு 201.2 ஐ 6 ஆல் வகுக்க 33.5. பதினாறு பேரின் பங்கு 17.6 ஐ 16 ஆல் வகுக்க 1.1. கூட்டினால் 34.6, வர்க்கமூலம் 5.9. இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மொத்தத் தெளிவின்மையான 34.6 இல் 33.5 அந்த ஆறு பிள்ளைகளிடமிருந்து வருகிறது. மற்றப் பக்கத்தில் பதினாறுக்குப் பதிலாக நூறு பிள்ளைகள் இருந்திருந்தாலும் உங்கள் விடை கிட்டத்தட்ட இப்படியேதான் இருந்திருக்கும். 10 ஐ 5.9 ஆல் வகுக்க ரி பெறுமதி 1.70. அதோடு அட்டவணையில் `df` என்ற நிரலில் மேல் வரிக்கு 20 என்றும் கீழ் வரிக்கு 5.3 என்றும் இருக்கும். இந்த ஒப்பீட்டில் உண்மையாக உள்ள தகவல் ஏறத்தாழ ஆறு பிள்ளைகள் தரக்கூடிய அளவுதான் என்பதை அந்த 5.3 சொல்கிறது. 22 பிள்ளைகள் இருக்கும் தோற்றத்தை அது நம்பவில்லை.

இது எவ்வளவு பாரதூரமான பிழை என்று கேட்பீர்கள். இரு குழுக்களின் உண்மையான இடையும் ஒன்றாகவே இருந்து, பரம்பல் மட்டும் உங்கள் தரவில் உள்ளதைப் போல 14 உம் 4 உமாக இருந்தால், மேல் வரிச் சோதனை நூற்றுக்கு ஐந்து முறை மட்டும் பொய்யாகப் 'பலன் இருக்கிறது' என்று சொல்லும் என்று நாம் நினைத்திருப்போம். உண்மையில் பதினைந்து முறைக்கு மேல் சொல்லும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பெரிய குழுவின் பரம்பல் பெரியதாகவும் சிறிய குழுவின் பரம்பல் சிறியதாகவும் இருந்தால் அதே சோதனை அளவுக்கு மீறி இறுகிவிடும். உண்மையாகப் பலன் தந்த ஒரு முறையைப் பயனில்லை என்று தள்ளிவிடும். இரு குழுவிலும் சம அளவு பிள்ளைகள் இருந்தால் இரு வரிகளிலும் ரி பெறுமதி ஒன்றாகவே வரும், `df` மட்டும் வேறுபடும். ஆகவே கேடு எண்ணிக்கை சமனில்லாததில் மட்டும் இல்லை. சமனில்லாத எண்ணிக்கையும் சமனில்லாத பரம்பலும் ஒன்றாகச் சேரும்போதுதான் கேடு வருகிறது.

அப்படியானால் மேற்பார்வையாளர் சொன்ன மான்–விட்னி தப்பித்துக்கொள்கிறதா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்தச் சோதனை என்ன கேட்கிறது என்பதைக் கணினி இல்லாமல் விரல்விட்டே எண்ணலாம். குழுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மற்றப் பக்கத்தில் உள்ள ஒவ்வொருவரோடும் சோடி சேருங்கள். 6 ஐ 16 ஆல் பெருக்க 96 சோடிகள். எத்தனை சோடிகளில் குழுப் பிள்ளை கூடப் புள்ளி எடுத்திருக்கிறது? 12 எடுத்த பிள்ளை ஒருவரையும் முந்தவில்லை. 19 எடுத்த பிள்ளை 14, 16, 17, 18 எடுத்த நால்வரை முந்தியது. 31, 38, 44, 48 எடுத்த நால்வரும் பதினாறு பேரையும் முந்தினார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்தின் உச்சம் 28. மொத்தம் 68 சோடிகள். 96 இல் 68 என்றால் நூற்றுக்கு 71. பலன் ஒன்றும் இல்லாவிட்டால் 48 இற்குக் கிட்ட வந்திருக்கும். 68 என்பது 48 இல் இருந்து தற்செயலாக விலகக்கூடிய தூரமா என்பதுதான் கேள்வி. உங்கள் 0.14 அதற்கான விடை.

1945 இல் வில்கொக்சன் என்ற வேதியியலாளரும் 1947 இல் மான், விட்னி என்ற இருவரும் தந்த முறை இது. மான்–விட்னி கட்டுரையின் தலைப்பே இரண்டு மாறிகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் போக்கு உள்ளதா என்பதைப் பற்றியது. இடையை அது ஒப்பிடவில்லை. இடையத்தை ஒப்பிடுகிறது என்று பல பாடநூல்களில் எழுதியிருப்பதும் பொதுவாகச் சரியல்ல. இரு பரம்பலும் ஒரே உருவத்தில் இருந்து, ஒன்று மற்றதில் இருந்து வெறுமனே தள்ளி நிற்கும்போது மட்டுமே அப்படிச் சொல்லலாம். உங்கள் ஆய்வில் உருவம் ஒன்றாக இல்லை. ஒரு பக்கம் 12 இல் இருந்து 48 வரை சிதறிக் கிடக்கிறது, மறுபக்கம் 14 இற்கும் 28 இற்கும் இடையில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த நிலையில் மான்–விட்னியின் பி பெறுமதியும் பழுதாகும். இரு பரம்பலும் எல்லா வகையிலும் ஒன்று என்று எடுத்துக்கொண்டுதான் அந்தப் பி பெறுமதி கணிக்கப்படுகிறது. உங்கள் தரவில் உள்ளதைப் போல ஆறும் பதினாறும், 14 உம் 4 உம் என்று இருந்தால், எவர் எவரை முந்தும் போக்கும் சரிபாதியாக இருக்கும் நிலையிலும் அது நூற்றுக்கு ஐந்துக்குப் பதிலாக ஏறத்தாழ இருமடங்கு முறை 'வித்தியாசம் உண்டு' என்று சொல்லிவிடும். மேல் வரியை விட நல்லது, வெல்ச் முறையை விடக் கூடாதது. புள்ளிகளை வரிசை எண்களாக மாற்றிவிட்டால் பரம்பல் பிரச்சினை கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. உங்கள் ஆறு பேரின் வரிசை எண்களை எழுதிப் பாருங்கள்: 1, 6, 19, 20, 21, 22. சிதறல் அப்படியே இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் விடை: 50 புள்ளிக்கு வைத்த வினாத்தாள், கேள்வி சராசரியாக எத்தனை புள்ளி கூடியது என்பது, குழுக்கள் சமனில்லை. இதற்கு வெல்ச் ரி-சோதனைதான் உரியது. இனிமேலும் இரு குழு ஒப்பீடு என்றால் அதையே வழமையாக்கிக்கொள்ளுங்கள். பரம்பல்கள் சமனாக இருந்தாலும் அதனால் இழப்பது மிகச் சொற்பம். எக்செல்லில் கடைசி எண்ணாக 3 போட்டால் அது வெல்ச்:

```
=T.TEST(A2:A7, B2:B17, 2, 3)
```

ஆர் மென்பொருளில் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் அது வெல்ச் முறையையே செய்யும்:

```r
kuzhu <- c(12,19,31,38,44,48)
matravar <- c(14,16,17,18,20,21,21,22,
              23,23,24,25,26,27,27,28)
t.test(kuzhu, matravar)
wilcox.test(kuzhu, matravar)
```

கடைசி வரி மான்–விட்னியின் இன்னொரு பெயர். அதை ஓட்டினால் `cannot compute exact p-value with ties` என்று ஒரு எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். 21, 23, 27 ஆகிய புள்ளிகளை இவ்விரண்டு பேர் எடுத்திருப்பதால் துல்லியமான கணிப்புக்குப் பதிலாக அண்ணளவான கணிப்பைத் தருகிறது என்பதே அதன் பொருள். எஸ்.பி.எஸ்.எஸ். 0.14 என்று சொன்ன இடத்தில் இது 0.15 என்று சொல்வதும் அதைப் போன்ற ஒரு சிறு திருத்தத்தால்தான்.

வரிசைச் சோதனைக்கு உரிய இடமே இல்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அது வெல்லும் இடங்கள் உண்டு. ஒன்றைக் காட்டுகிறேன். இது விளக்கத்துக்காக நான் இட்டுக்கட்டிய எண். ஐந்து பேர் கொண்ட குழுவில் 26, 27, 28, 29, 50 என்றும் ஏழு பேர் கொண்ட மறு குழுவில் 18, 19, 20, 21, 22, 23, 24 என்றும் புள்ளிகள் வருகின்றன என்று வையுங்கள். ஐவரில் எவரும் எழுவரில் எவருக்கும் பின்னால் இல்லை. கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் வெல்ச் சோதனை பி பெறுமதி 0.07 என்கிறது. ஏன்? ஒரு பிள்ளை 50 இற்கு 50 எடுத்துவிட்டது. அந்த ஒரு பெறுமதி குழுவின் இடையை 32 இற்குத் தூக்கியது, ஆனால் மாறற்றிறனை அதைவிட வேகமாகத் தூக்கி 102.5 ஆக்கிவிட்டது. முழுப் புள்ளி எடுத்த பிள்ளையால் முறையின் பலன் மறைந்துபோகிறது. மான்–விட்னிக்கு அந்த 50 வெறும் 'முதலாமிடம்'. 30 எடுத்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பன்னிரண்டு பேரில் ஐவரைத் தெரிய 792 வழிகள் உள்ளன. அவற்றில் இப்படி முழுதாகப் பிரிந்து நிற்பவை மேலும் கீழுமாக இரண்டே இரண்டு. 2 ஐ 792 ஆல் வகுக்க 0.0025. இங்கே வரிசைச் சோதனையின் பக்கம்தான் நியாயம்.

அதேபோல நீங்கள் ஒப்பிடுவது புள்ளியே அல்லாமல் ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்ற சித்திகளாக இருந்தால், அல்லது 'நன்றாகச் செய்கிறார், உதவியோடு செய்கிறார், செய்யவில்லை' என்ற மூன்று படிகளாக இருந்தால், இடை எடுப்பதில் அர்த்தமில்லை. ஏ இற்கும் பி இற்கும் உள்ள தூரம் எஸ் இற்கும் டபிள்யூ இற்கும் உள்ள தூரத்துக்குச் சமன் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே வரிசைதான் உண்டு, வரிசைச் சோதனைதான் பொருந்தும்.

மிகச் சிறிய குழுவுக்கு மட்டும் ஒரு எல்லை இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற பாடசாலைகளில் இது அடிக்கடி குறுக்கே வரும். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நாலு பேர் என்றால் தெரிவு வழிகள் 35. முழுதாகப் பிரிந்து நின்றாலும் பி பெறுமதி 2 ஐ 35 ஆல் வகுக்க 0.057. அதற்குக் கீழே இறங்கவே முடியாது. மூன்றும் மூன்றும் என்றால் 0.1. அங்கே மான்–விட்னி செய்து 'பலன் இல்லை' என்று எழுதுவது பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் செய்யும் அநியாயம். விடையை ஏற்கனவே பூட்டி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது அது.

தெரிவு செய்யும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வழிகாட்டிகள் முதலில் ஷபிரோ–வில்க் சோதனை செய்து, தரவு செவ்வன் பரம்பலா என்று பார்த்துவிட்டு, ஆம் என்றால் ரி, இல்லை என்றால் மான்–விட்னி என்று ஒரு பாதை போட்டுத் தருகின்றன. ஆறு பேரில் அந்தச் சோதனைக்கு எதையும் கண்டுபிடிக்கும் வலு இல்லை. மோசமாக இழுபட்ட தரவையும் அது பெரும்பாலும் 'சரி' என்று விட்டுவிடும். முந்நூறு பேர் இருந்தாலோ ஒன்றுக்கும் உதவாத சிறு விலகலையும் பிடித்துக் காட்டும். அதாவது தேவையான இடத்தில் குருடு, தேவையில்லாத இடத்தில் கூர்மை. லெவீன் சோதனையைப் பார்த்து மேல் வரியா கீழ் வரியா என்று தீர்மானிப்பதும் அதே சிக்கல்தான். உங்கள் தரவில் அது தெளிவாகப் பிடித்துக் காட்டும். ஆனால் பரம்பல் இரண்டு மடங்கு மட்டும் வேறுபட்டிருந்தால் ஆறு பேரில் அதைத் தவறவிடக் கூடும். நேராக வெல்ச்சுக்குப் போனால் இந்தச் சந்தேகமே எழாது.

அதைவிட முக்கியம்: தெரிவு தரவைப் பார்ப்பதற்கு முன் நடக்க வேண்டும். வினாத்தாள் புள்ளியா, படிநிலையா, உச்சப் புள்ளியில் பலர் முட்டி நிற்கக் கூடிய இலகுவான தாளா என்பதெல்லாம் தாள் அச்சடிக்கும்போதே தெரிந்தவை. அவற்றை வைத்து ஆய்வு முன்மொழிவிலேயே 'வெல்ச்' என்றோ 'மான்–விட்னி' என்றோ எழுதிவிடுங்கள். இரண்டையும் செய்து பார்த்துச் சிறிய எண்ணைத் தெரிவது, எந்தச் சோதனையை எடுத்தாலும் அதைப் பொய்யாக்கிவிடும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. முரண்பாட்டை மறைக்காமல் கேட்டீர்கள்.

இனி உங்கள் புள்ளிகளுக்குத் திரும்புவோம். அவை எந்தச் சோதனையும் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றன. ஒரு தாளில் 0 முதல் 50 வரை ஒரு கோடு கீறி, 22 பேரையும் புள்ளியாகக் குத்திப் பாருங்கள். பதினாறு பேர் ஒரு கொத்தாக நிற்பார்கள். ஆறு பேரில் நால்வர் அந்தக் கொத்தை முழுதாகத் தாண்டி வலது பக்கம் போய்விட்டார்கள். இருவர் கொத்தின் இடது ஓரத்திலும் அதற்கு வெளியிலும் கிடக்கிறார்கள். 'சராசரியாக 10 புள்ளி கூடியது' என்ற வசனம் இந்த ஆறு பேரில் ஐவருக்குப் பொருந்தாது. மூவருக்கு அதைவிடக் கூடப் பலன் கிடைத்திருக்கலாம். இருவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

'இருக்கலாம்' என்று நிறுத்துகிறேன், ஏனென்றால் அவர்கள் தவணை தொடங்கும்போது எங்கே நின்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பின்னேரம் யார் நிற்க முடிந்தது என்பதும் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்த விடயம் அல்ல. யோகபுரம், பாலிநகர், வவுனிக்குளம் பக்கம் போகிற பிள்ளைகள் பேருந்தை விட்டால் திரும்ப வழியில்லை. அறுவடைக் காலத்தில் வீட்டில் கை தேவைப்படும் பிள்ளைகளும் நிற்க மாட்டார்கள். நின்றவர்கள் வீடு கிட்ட உள்ளவர்களாகவோ, ஏற்கனவே கணிதத்தில் விருப்பம் உள்ளவர்களாகவோ, அல்லது அதற்கு மாறாக மிகவும் பின்தங்கியதால் பெற்றோர் நிறுத்திவிட்டவர்களாகவோ இருக்கலாம். 48 எடுத்த பிள்ளை தவணைத் தொடக்கத்திலேயே 45 எடுக்கக் கூடியவராக இருந்தால்? வெல்ச்சும் மான்–விட்னியும் இதை ஒருபோதும் கண்டுபிடிக்கா. முன் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் பாடசாலையில் இருக்கும். அவற்றை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தவணைக்கும் இடையிலான மாற்றத்தைக் கணித்து, அந்த மாற்றங்களில் வெல்ச் சோதனையைச் செய்யுங்கள். பிள்ளைக்குப் பிள்ளை உள்ள பழைய வித்தியாசத்தில் ஒரு பெரிய பகுதி கழிந்துபோகும். பரம்பல் சுருங்கினால், இதே ஆறு பேரில் இருந்தே தெளிவான விடை கிடைக்கவும் கூடும். முன் தவணைத் தாள் வேறு பாடப்பரப்பைச் சோதித்தது, புள்ளித்திட்டமும் வேறு என்றால் நேராகக் கழிக்க முடியாது. அப்போதும் அதை அட்டவணையில் ஒரு நிரலாகப் போட்டுக் காட்டுங்கள். வாசிப்பவருக்கு நிலைமை விளங்கும்.

அறிக்கையில் இப்போதைக்கு இப்படி எழுதலாம்: "சிறு குழுவில் கற்ற 6 மாணவரின் இடை 32 (நியம விலகல் 14.2), ஏனைய 16 மாணவரின் இடை 22 (நியம விலகல் 4.2). வித்தியாசம் 10 புள்ளிகள். வெல்ச் முறைப்படி அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −5 முதல் 25 வரை. மாணவர் சோடிகளில் 71 சதவீதத்தில் சிறு குழு மாணவர் கூடிய புள்ளி பெற்றனர்." இதற்குக் கீழே 22 புள்ளிகளையும் குத்திய அந்தக் கோட்டுப் படத்தைச் சேருங்கள். −5 முதல் 25 வரை என்பதைப் 'பலன் இல்லை' என்று யாராவது வாசித்தால் மறுத்துச் சொல்லுங்கள். 25 புள்ளிப் பலனும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. ஆறு பிள்ளைகளை வைத்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள்.

மேற்பார்வையாளரிடம் போகும்போது இரண்டு வரியும் உள்ள எஸ்.பி.எஸ்.எஸ். அட்டவணையையே கொண்டுபோங்கள். அவர் உங்களை 0.016 இல் இருந்து தடுத்தது சரி, தடுத்ததற்குச் சொன்ன காரணம்தான் பிழை. மாறற்றிறன் 201 உம் 17.6 உம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் அவரும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். அடுத்த தவணை இதைத் திரும்பச் செய்வதானால் தொடக்கத்தில் ஒரு முன்சோதனை வையுங்கள். பின்னேரம் நிற்க முடிந்தவர்கள் பன்னிரண்டு பேர் வந்தால் சீட்டுக் குலுக்கி ஆறு ஆறாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலும் மறு பாதிக்குப் பிறகுமாகப் படிப்பியுங்கள். ஒருவரும் விடுபட மாட்டார்கள், குழுக்களும் சமனாக இருக்கும்.

அதற்கு முன் 12 உம் 19 உம் எடுத்த அந்த இருவரின் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பின்னேர வகுப்புக்கு எத்தனை நாள் வந்தார்கள், வந்த நாட்களில் கீற்று வெட்டி என்ன செய்தார்கள் என்று கண்டறிந்து எனக்கு எழுதுங்கள்.